வாசல் படத்துக்கு ஒரு கோலம்

அண்ணியின் போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு வரவேற்பு வேலை. போன் எடுப்பது, "உக்காருங்க, இப்ப வந்துடுவாங்க" என்று புளுகுவது. எடிட்டிங்தான் என் உயிர் என்று தினமும் நச்சரித்ததில் அண்ணி இறங்கி வந்தாள்.

"இந்த ஒரு படத்தைத் தனியா முடி. வீடு கட்டின பில்டர் வந்து பார்த்துச் சரின்னா, இனி எடிட்டிங் உன் பொறுப்பு. சொதப்பினா வாயைத் திறக்காம போன் எடு."

படம் ஒரு புது வீட்டு வாசல். முதல் நாளே பில்டரின் மனைவி போனில் சொல்லியிருந்தார்: "தரை மொட்டையா இருக்கும்மா. ஒரு கோலம் சேர்த்துடுங்க."

இது என்ன பிரமாதம் என்று கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சிக்குக் கோலம் வரைந்தேன். படத்தில் கிடந்த மிதியடியின் நாலு மூலைகளைப் பார்த்து அதே சாய்வுக்கு இழுத்து, வாசல் படத்தின் மேல் ஸ்க்ரீன் மோடில் போட்டேன். கறுப்பு மறைந்தது. கோலம் மட்டும் தரையில் உட்காராமல் தெருப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது.

உற்றுப் பார்த்தால் மிதியடியே கோணல்! யாரோ காலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவானைத் திட்டிவிட்டு, டைல்ஸ் இடுக்குகளைப் பிடித்து மறுபடி இழுத்தேன். கதவுப் பக்கத்துப் புள்ளிகள் சிறுத்து நெருங்கின, நம் பக்கத்துப் புள்ளிகள் பெருத்து விலகின. கோலம் சமர்த்தாகப் படுத்துவிட்டது.

ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரிதான் இருந்தது. தரையின் இருண்ட இடங்கள் வெள்ளைக்கு மேலே தெரியும்படி மாற்றினேன். இடுக்கிலும் கல்லின் சொரசொரப்பிலும் கோடு விட்டு விட்டு விழுந்தது. தூண் நிழலுக்குள் வரும் பகுதியை மங்கலாக்கினேன். அவ்வளவுதான், எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன்.

பில்டர் வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"வீடு வாங்க வர்றவங்க பார்க்குற வரைக்கும் தரையில எதையும் போடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரு போட்டது இதை?"

நான் வாய் திறப்பதற்குள் அந்த வீட்டு வாட்ச்மேனுக்குப் போன் போய்விட்டது. ஸ்பீக்கரில் வாட்ச்மேன் பதறினார்.

"சார், வாசல்லதான் நிக்கிறேன். கோலமே இல்ல சார்!"

"பொய் சொல்லாதய்யா! குனிஞ்சு பாரு!"

"குனிஞ்சு தடவியே பார்த்துட்டேன் சார். தூசி கூட இல்ல."

"டைல்ஸ் இடுக்குல கோடு விட்டு விட்டு விழுந்திருக்கு, நான் கண்ணால பார்க்குறேன்! மரியாதையா வாளியை எடுத்துக் கழுவு!"

"இல்லாத கோலத்தை எப்படி சார் கழுவுறது?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது, மேஜைக்கு அடியில் போய்விட்டேன். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சார், அவரைத் திட்டாதீங்க. உங்க வீட்டம்மா கேட்டாங்க. அதைக் கம்ப்யூட்டர்ல போட்டது எங்க புது எடிட்டர்."

யாரடா அந்த எடிட்டர் என்று மேஜைக்கு அடியிலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன்.