இருபத்துமூன்று சேதங்கள்

வொர்க்‌ஷாப்பில் அவருக்கு எஸ்டிமேட்காரர் என்று பெயர். அடிபட்டு வரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கெங்கே என்னென்ன சேதம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பட்டியல் எழுதுவது அவர் வேலை. பதினெட்டு வருஷமாக எழுதுகிறார். கேட்டதில் பாதியைத்தான் கம்பெனி ஒத்துக்கொள்ளும், அதனால் இரண்டு மடங்காகக் கேள் என்பது அவருடைய வேதம். முன்விளக்கு மட்டும் உடைந்து வந்த வண்டியிலும் பின்சீட்டின் மனவருத்தம்வரை எழுதிவிடுவார் என்று மெக்கானிக்குகள் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இப்படிப்பட்டவர் கையில் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதும் வேலை வந்து சேர்ந்தது. யாரைக் குறை சொல்ல?

மகளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் புயல் என்று கூப்பிடுவார்கள். மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு இறங்குவது அவளுக்குப் பழக்கம். ஒருநாள் கைப்பிடி முடிந்த இடத்தில் அவள் நிற்கவில்லை. வலது கால் எலும்பு முறிந்து தொடைவரை கட்டு, வலது மணிக்கட்டில் இன்னொரு கட்டு. எட்டு வாரம் பள்ளிக்கூடம் கிடையாது என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். அவள் வகுப்பு மூன்றாவது மாடியில். தூக்கிக்கொண்டு போக அவள் என்ன புத்தகப் பையா?

சிக்கல் என்னவென்றால், ஐந்தாவது வாரத்தில் ஆண்டுத் தேர்வு. அதை எழுதாவிட்டால் அடுத்த வகுப்பு இல்லை. அடுத்த வகுப்பு இல்லையென்றால் நத்தை மட்டும் மேலே போய்விடுவாள். நத்தை என்பவள் முதல் வகுப்பிலிருந்து புயலின் பக்கத்திலேயே உட்காருகிற சிநேகிதி. செருப்பு மாட்டவே கால்மணி நேரம் எடுப்பாள்.

"நத்தை முன்னாடி போயி நான் பின்னாடி நிக்கிறதா? ஊரே சிரிக்கும்பா!" என்றாள் புயல்.

"நான் எழுதுறேன் பாரு ஒரு லெட்டர். பள்ளிக்கூடமே நம்ம வீட்டுக்கு நடந்து வரும்" என்றார் அவர்.

எழுதினார். மூன்று பக்கம், வரிசை எண் போட்டு, இருபத்துமூன்று சேதங்கள். 'வலது கால்: முற்றிலும் பயனற்ற நிலை. வலது கை: அதேபோல். இடது கை: வெளிப்பார்வைக்கு நன்றாக உள்ளது, ஆயினும் நம்புவதற்கில்லை. முதுகு: தொடர்ந்து படுத்திருப்பதால் தேய்மானம். நினைவாற்றல்: அதிர்ச்சியால் பாதிப்பு இருக்கக்கூடும். மனம்: மிகவும் நொறுங்கியுள்ளது.' கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், பாடங்களை வீட்டுக்கு அனுப்பித் தேர்வையும் அவளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும்படி ஒரு வேண்டுகோள்.

மனம் நொறுங்கிய பெண் அப்போது கட்டிலில் சாய்ந்தபடி, சுருட்டிய சாக்ஸை இடது கையால் வாளிக்குள் எறிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலுக்குப் பதினொன்று.

அவர் மனைவி பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் கடிதத்தைப் படித்தாள். "ஏங்க, இது லீவு லெட்டரா, இரங்கல் செய்தியா?"

"உனக்குத் தெரியாது. பத்து கேட்டாத்தான் அஞ்சு கிடைக்கும்."

"நம்ம பொண்ணு என்ன வண்டி பம்பரா?"

அவர் கேட்கவில்லை. சான்றிதழை மேலே குத்தி, மறுநாள் காலை பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவந்தார். வழியெல்லாம் சீட்டியடித்தார்.

திங்கட்கிழமை பதில் வந்தது, ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு. பெட்டி நிறைய வகுப்புப் பிள்ளைகள் வரைந்த வாழ்த்து அட்டைகள். முதல் அட்டையில் ஒரு வாடிய பூ. இரண்டாவதில், 'நீ நிச்சயம் பிழைத்துக்கொள்வாய்.' மூன்றாவதில், 'உன் பென்சில் பாக்ஸை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?' புயல் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. நத்தையின் அட்டை மட்டும் வரவில்லை. அவள் இன்னும் கலர் அடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

அவர் கவரைப் பிரித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். "தங்கள் கடிதத்தைப் படித்து ஆசிரியர்கள் அனைவரும் கண்கலங்கினோம். இத்தகைய நிலையில் பாடமும் தேர்வும் குழந்தைக்குப் பெரும் சுமை. எனவே முழு ஓய்வு எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு இதே வகுப்பில்..." அதோடு நிறுத்திவிட்டார். கீழே சம்மதக் கையெழுத்துக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டுமாம்.

சிரித்துக்கொண்டிருந்த புயல் அழுதுவிட்டாள். சத்தமில்லாமல், இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அதைப் பார்த்ததே இல்லை. எலும்பு முறிந்த அன்றுகூட அவள் ஆம்புலன்ஸ்காரரிடம் சைரன் போடச் சொல்லித்தான் சண்டை போட்டாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் மனைவி. "இங்க வாய்கூட இல்ல, பேனா. நாளைக்கு முதல் வேலையா போங்க."

போனார். தலைமை ஆசிரியை அவரைக் கண்டதும் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, துக்கம் விசாரிக்கிற குரலில், "குழந்தைக்கு நினைவு இருக்கா?" என்றார். பக்கத்தில் கணக்கு சார். அவர்தான் தேர்வுகளுக்குப் பொறுப்பு.

"மேடம், அவ நல்லா இருக்கா. தேர்வு எழுதணும்னு சொல்றா."

தலைமை ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை எடுத்தார். "நினைவாற்றல் பாதிப்பு?"

"இல்லைங்க. என் செல்போன் பாஸ்வேர்டு எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது."

"முதுகுத் தேய்மானம்?"

"அது... ஒரு பேச்சுக்கு எழுதினது."

"மனம் நொறுங்கியது?"

"அது உங்க பதில் வந்த அப்புறம்தாங்க."

இருபத்துமூன்றையும் வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றாக எஸ்டிமேட்காரரே அடிக்க வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரர்கள் தலைகீழாக நின்றும் பதினெட்டு வருஷத்தில் அவர் பட்டியலில் இத்தனை குறைத்ததில்லை. கடைசியில் ஒரு காலும் ஒரு கையும் மிஞ்சின. தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். துக்கம் போன இடம் தெரியவில்லை.

"அன்னைக்கு எழுதினது உண்மையா, இன்னைக்குச் சொல்றது உண்மையா? நான் எதை நம்பி முடிவெடுக்கிறது? ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் அழுதோம் சார்!"

அவர் கொடுத்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கணக்கு சார்தான் கனைத்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"நீங்க இதுல என்ன முடியாதுன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. சான்றிதழ்ல எட்டு வாரம் லீவுன்னு மட்டும் இருக்கு. எதுவும் முடியாத பிள்ளைக்கு நான் என்ன தேர்வு வைக்கிறது? எவ்வளவு நேரம் உட்கார முடியும், எழுத முடியுமா, வாயால பதில் சொல்ல முடியுமா, அது எனக்கு வேணும். டாக்டர்கிட்ட அதை எழுதி வாங்குங்க. நீங்க ஒரு பக்கம் எழுதுங்க, என்ன வேணும்னு. ஒரே பக்கம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார் தலைமை ஆசிரியை. "நானும் அவளைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்புவேன்."

டாக்டர் இரண்டு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார். காலை நீட்டிவைத்து ஒரே மூச்சில் முக்கால் மணி உட்காரலாம், பிறகு கால்மணி ஓய்வு. ஆறு வாரத்துக்கு வலது கையால் எழுதக் கூடாது. வாசிக்கவும் பேசவும் தடையில்லை. "பேசுறதைக் குறைக்க ஏதாவது மருந்து வேணும்னா சொல்லுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எஸ்டிமேட்காரர் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். நன்றாக இருக்கும் பாகங்களைப் பற்றி அவர் வாழ்நாளில் ஒரு வரி எழுதியதில்லை. பேனா நகரவே மாட்டேன் என்றது.

"எழுதுங்க" என்றாள் மனைவி. "என்ஜின் நல்லா இருக்கு. ஹாரன் ரொம்ப நல்லா இருக்கு. பிரேக் எப்பவுமே இருந்ததில்ல."

"அம்மா!" என்று புயல் ஒரு சாக்ஸை எறிந்தாள். பதினாலுக்குப் பன்னிரண்டு.

மூன்று பேருமாகச் சேர்ந்து எழுதினார்கள். வாராவாரம் திங்கட்கிழமை எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து வீட்டுக்கு வேலை வேண்டும். சந்தேகம் கேட்க ஒரே ஓர் ஆசிரியர் போதும். தேர்வை வீட்டிலேயே முக்கால் மணித் துண்டுகளாக வைக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல எழுத, பள்ளியிலிருந்து ஓர் ஆள். வீட்டு ஆள் எழுதினால் யார் பதில் என்று சந்தேகம் வரும். படம் வரையச் சொல்லும் கேள்விக்குப் பதிலாக அதே மதிப்பெண்ணுக்கு வேறு கேள்வி. கைக்கட்டை டாக்டர் முன்னதாகவே பிரித்துவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

முடித்ததும் அவர் கை தானாகக் கீழே போய், 'மேலும், வலது காது' என்று தொடங்கிவிட்டது. மனைவி பேனாவைப் பிடுங்கினாள். மறுநாள் காலை அந்த ஒரு பக்கம், டாக்டர் எழுதிக் கொடுத்ததோடு பள்ளிக்குப் போனது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கணக்கு சாரே வந்தார். கையில் ஒரு மாதிரி வினாத்தாளும் கடிகாரமும். கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் கேக்கிறேன், நீ சொல்லு, சொன்னதை அப்படியே எழுதுறேன். நீ தப்பாச் சொன்னாலும் தப்பாத்தான் எழுதுவேன். இது வேலை செய்யுதான்னு பார்த்துட்டு மேடமுக்குச் சொல்லணும்."

எஸ்டிமேட்காரர் வாசலில் நின்றார். இவள் இன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை திக்கினால்கூட, நினைவாற்றல் என்று அவர் எழுதிய வரி உயிர்பெற்று வந்து நிற்கும். அந்த ஒரு வரிக்காகத் தன் விரலையே வெட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

புயல் திக்கவில்லை. மூன்று நாளாக அடக்கிவைத்ததெல்லாம் திறந்துவிட்டது. முதல் கேள்வியை சார் வாசித்து முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. வழிமுறை, அடைப்புக்குறி, அடைப்புக்குறியை மூடுவது, கீழே இரண்டு கோடு. சார் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். அடுத்தது. அதற்கடுத்தது. இடையில் ஒரு தப்பு சொன்னாள். "அடிச்சிடுங்க சார்" என்று அவளே திருத்தினாள். கூடவே ஆறாம் கேள்வியில் அச்சுப் பிழை இருப்பதாகவும் சொன்னாள். சார் பேனாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி, விரல்களை உதறினார். நாற்பது நிமிஷத்தில் கைகளைத் தூக்கிவிட்டார்.

"போதும்மா. எனக்கு மணிக்கட்டு போச்சு."

சார் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து எஸ்டிமேட்காரரிடம் நீட்டினார். கேட்டதெல்லாம் அதில் இருந்தது; கீழே தலைமை ஆசிரியையின் கையெழுத்துக்கு இடம்.

"இவளுக்கு எல்லாம் சரி, நான் சொல்லிடுறேன், மேடம் கையெழுத்துப் போட்டுடுவாங்க. நீங்க இங்க போடுங்க. கடைசிக் கட்டத்துல, கூடுதலா ஏதாவது கோரிக்கை இருந்தா எழுதலாம்."

காலியான ஒரு முழுக் கட்டம். எஸ்டிமேட்காரர் பேனாவைத் திறந்தார். மனைவி அவர் பின்னாலேயே வந்து நின்றாள். புயல் அவரையே பார்த்தாள்.

அவர் ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். கணக்கு சார் படித்தார். வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

'எழுதும் ஆசிரியருக்கு மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் தரவும்.'