இருபத்தேழு மீசை

மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் யாராவது அவசரம் காட்டினால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். கோபம் கிடையாது, யோசனைதான். அது தெரியாதவர்கள், சம்மதித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

தலைமையாசிரியர் இந்த வருடம்தான் வந்தவர். அவருக்கு அது தெரியாது.

வியாழக்கிழமை காலை மணியடிக்கும் முன்பே பள்ளியின் செல்போனோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் மூன்றாம் வகுப்பு கட்டிய காகிதப் பாலம் பதினோரு அகராதிகளைத் தாங்கி முதல் பரிசு வாங்கியிருந்தது. நாளை மாலை நான்கு மணிக்குள் படம் பள்ளியின் இணையப் பக்கத்தில் ஏறியாக வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. முந்தின நாள் தானே எடுத்த படத்தைப் பெருமையோடு நீட்டினார். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு முகம் இல்லை. முகத்தின் இடத்தில் சிரிக்கும் மஞ்சள் சூரியன்கள்.

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்தவங்க மூணு பேர்தானே? மறைச்சுட்டேன். யார் மனசும் நோகாது."

டீச்சர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நடுவிலிருந்த சூரியன், வகுப்பே 'இன்ஜினியர்' என்று கூப்பிடும் பெண். அந்தப் பாலத்தை வரைந்தவளே அவள்தான். சூரியனுக்கு மேலே அவளுடைய கோடுபோட்ட தலைப்பட்டை நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கரும்பலகையில் குழுவினர் பெயர்கள், நின்ற வரிசையிலேயே. எல்லார் நெஞ்சிலும் பள்ளிச் சின்னம்.

ஜூனில் படம் போடுவதற்கான சம்மதப் படிவம் கொடுத்தபோதே அவளுடைய அம்மா விஷயத்தைச் சொல்லியிருந்தார். பிரிந்துபோன கணவர் இவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். கோர்ட் உத்தரவின் நகல் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பெற்ற அப்பனுக்கு அடையாளம் தெரியத் தலைப்பட்டை போதாதா?

டீச்சர் நெடுநேரம் பேசவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் திரும்பினார்.

"சார், இருபத்தஞ்சு மூஞ்சி தெரியுது. மூணு தெரியல. பாக்குறவங்க கண்ணு முதல்ல எங்க போகும்?"

அவர் நின்றார். அப்படியானால் அந்த மூன்று பேரையும் விட்டுவிட்டு எடுத்துவிடலாமே என்றார். பாலம் கட்டியவளை விட்டுவிட்டுப் பாலத்தை எடுப்பது எப்படி என்று டீச்சர் கேட்டார். தலைமையாசிரியரின் பெரிய மீசை யோசனையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான்கு மணி என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் கேட்காதவள் போலப் பென்சில் சீவிக்கொண்டிருந்த இன்ஜினியர் மெதுவாக எழுந்து வந்தாள்.

"டீச்சர், நான் ஓரமா நிக்கிறேன். அப்புறமா வெட்டிடுங்க. போன வருஷப் படத்துல என் முழங்கை மட்டும் இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த 'நல்லாத்தான் இருந்துச்சு'வைக் கேட்டதும் டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். பாடத்தைத் தள்ளிவைத்தார். எல்லாரும் இருக்க வேண்டும், யாரையும் அடையாளம் தெரியக் கூடாது, என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேட்டார்.

யோசனை சொல்ல வாயாடி என்ற பெண்ணுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய காகிதப் பையைத் தலைவழியாக மாட்டிக்கொள்ளலாம், முடிகூடத் தெரியாது என்றாள். பையில் என்ன முகம் வரைவது என்று ஒருவன் கேட்டான்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சி. ஹெச்.எம். சார் மூஞ்சி."

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. டீச்சரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியத்துக்குள் கறுப்பு மெழுகுப் பென்சில் அத்தனையும் மீசையாகித் தீர்ந்தது. சீருடையை மறைக்க, ஓவிய வகுப்பில் மேலே போடும் பழைய சட்டைகள் வந்தன.

வேண்டாம் என்றவர்களுக்கு முகமூடி போட்டாலும் வேண்டாம்தான்; அவர்களே மாற்றிச் சொன்னாலொழிய. டீச்சர் புதிதாக ஒரு படிவம் எழுதினார்: இந்த ஒரு படம் மட்டும், எங்கே வரும், எத்தனை நாள் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம். ஒரு வீட்டில் சரி என்றார்கள். வாயாடியின் அப்பா, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றார். காரணம் கேட்பது டீச்சரின் வேலை இல்லை. யோசனை சொன்னவளே படத்தில் இல்லையா என்று வாயாடி முகம் சுருங்கியபோது, அவளையே படம் எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவளை யாராலும் அடக்க முடியவில்லை.

இன்ஜினியரின் அம்மா மாலையில் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எடுத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

நான்காவது படிவம் தலைமையாசிரியருக்கு.

"எனக்கெதுக்கு டீச்சர்?"

"உங்க மூஞ்சி சார்."

"வரைஞ்சதுதானே."

டீச்சர் ஒரு பையை மேசைமேல் வைத்தார். அவர் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. மீசையில் தப்பிக்க வழியில்லை.

அப்படி ஒரு படிவத்தை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுதாகப் படித்தார். யார் யார் பார்ப்பார்கள், யாராவது எடுத்து வேறு இடத்தில் போட்டால் என்ன செய்வது, என் மாமியார் கண்ணில் படுமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது சார் என்பதே பதில். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று படிவத்தை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அவர் முகத்தில் ஜூன் மாதத்து அம்மாக்களின் சாயல் இருந்தது.

மறுநாள் காலை கையெழுத்தோடு வந்தது. அடியில் ஒரு குறிப்பு: மீசை இவ்வளவு பெரிதில்லை.

வாயாடி நாற்காலிமேல் ஏறி நின்று படம் எடுத்தாள். மதிய இடைவேளையில் இன்ஜினியரின் அம்மா வந்து பார்த்தார். இருபத்தேழு தலைமையாசிரியர்கள் பாலத்தைச் சுற்றி நின்றார்கள். அவர் விரல் ஒரு நொடிகூடத் தயங்காமல் ஒரு பையின்மேல் போய் நின்றது.

"இவதான். ஒரு கால்மேல இன்னொரு காலை வச்சு நிக்கிறா பாருங்க. சின்னதுலேர்ந்து இப்படித்தான்."

தன் கெட்டிக்காரத்தனத்தில் டீச்சருக்குக் கால்கள் நினைவுக்கே வரவில்லை. அந்த அம்மாவின் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் அழித்தார். பிறகு மேசைகளை முன்னால் இழுத்துப் போட்டு எல்லாரையும் பின்னால் நிறுத்தினார். கைகள் மேசைக்குக் கீழே. வரிசையைக் கலைத்தார். கரும்பலகையைத் துடைத்தார். வாயாடி மறுபடி நாற்காலி ஏறினாள்.

இந்த முறை அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பையைக் காட்டினார். டீச்சர் தலையாட்டினார், இல்லை. இன்னொன்றைக் காட்டினார். அதுவும் இல்லை. மூன்றாவதாகக் காட்டியது வகுப்பிலேயே குண்டான பையனை.

பெற்ற மகளைக் கண்டுபிடிக்க முடியாத அந்த அம்மா அங்கேயே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்து, மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றரைக்குப் படம் ஏறியது. பெயர் இல்லை, வகுப்பு இல்லை. 'எங்கள் பிள்ளைகளின் பாலம், பதினோரு அகராதி தாங்கும்' என்று மட்டும். பள்ளி விட்டதும் இன்ஜினியர் வாசலிலிருந்து திரும்பி ஓடி வந்தாள்.

"அம்மா கண்டுபிடிச்சாங்களா டீச்சர்?"

இல்லை என்றதும் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே போனாள்.

தலைமையாசிரியர் தன் அறையில் இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுத் திரையையும் தன் முகம் நிறைத்திருப்பது அவருக்குப் பிடித்துவிட்டதுபோல் இருந்தது.

"இதுல அந்தப் பாலம் கட்டுன பொண்ணு யாரு டீச்சர்?"

டீச்சர் வழக்கம்போலச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"எல்லாம் நீங்கதான் சார்."