இரண்டு கட்டம் வெளுப்பு

ஆய்வு அலுவலகத்தில் அவளுக்கு அட்டைக்கா என்று பெயர். ஒரே சனத்தைச் சேர்ந்த எண்ணூறு வீடுகளுக்குப் போய், ஆட்களின் நிறத்தையும் சம்பளத்தையும் பதிந்துகொண்டு வரும் ஆறு பேரில் அவள்தான் மூத்தவள். கையில் எப்போதும் ஒரு அட்டை. அதில் பதினொரு கட்டம். ஒன்று நல்ல வெளுப்பு, பதினொன்று நல்ல கறுப்பு. கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்து, அவருக்குத் தெரியாமல் அட்டையைப் பார்த்து, பொருந்துகிற எண்ணை டேப்லெட்டில் போட வேண்டும். அதற்கப்புறம்தான் படிப்பு, வேலை, சம்பளம் பற்றிய கேள்விகள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. சம்பளம் காதில் விழுந்த பிறகு பார்த்தால், நிறைய வாங்குகிறவர் கண்ணுக்குக் கொஞ்சம் சிவப்பாகத் தெரிய ஆரம்பித்துவிடுவாராம். பயிற்சியில் இதைச் சொன்னபோது மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அட்டைக்கா சிரிக்கவில்லை. கொழுந்தனுக்குப் பதவி உயர்வு வந்த வாரமே "புள்ள கலராயிட்டான்" என்று மாமியார் ஊர் முழுக்கச் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள்.

கணக்குப் போடுகிற பையனுக்குப் புள்ளிக்காரன் என்று பெயர். பையன் என்றாலும் முப்பது வயது, தலையில் பாதி வழுக்கை. முதல் சுற்று முடிந்த மறுவாரம் அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தான்.

"ஒரு விஷயம் புரியலக்கா. மத்த அஞ்சு பேர் பகுதியிலயும், ஒரே படிப்பு, ஒரே அனுபவம், ஒரே மாதிரி வேலைன்னு சேத்து வெச்சுப் பாத்தா, கறுப்பா இருக்கறவங்க கம்மியா வாங்கறாங்க. உங்க பகுதியில மட்டும் வித்தியாசமே இல்ல."

"நல்ல விஷயந்தானே தம்பி?"

"நல்ல விஷயந்தான், நெஜமா இருந்தா. அஞ்சு வீட்டுக்கு ஒரு வீட்ல மீட்டர் வெச்சோம்ல?"

மீட்டர் என்பது கைக்கு அடக்கமான ஒரு கருவி. வெயில் படாத மேல்கையின் உள்பக்கத்தில் அழுத்தினால், வெளிச்சத்தைப் பாய்ச்சி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து சொல்லும். அதற்கு முகமும் தெரியாது, யார்மேலும் இரக்கமும் கிடையாது.

"பெரும்பாலும் மீட்டரும் நீங்களும் ஒத்துப்போறீங்க. சில பேருக்கு மட்டும் ரெண்டு கட்டம் இடிக்குது. எல்லாரும் கறுப்பு, எல்லாரும் சம்பளம் கம்மி." திரையை அவள் பக்கம் திருப்பினான். "டேப்லெட் நேரத்தையும் பதியும்க்கா. இங்க பாருங்க, பத்து மணி பத்து நிமிஷத்துக்கு ஒருத்தருக்கு ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க. சம்பளம் கேட்டு முடிச்சு, பத்து முப்பத்தஞ்சுக்குத் திரும்பிப்போய் ஏழுன்னு மாத்தியிருக்கீங்க. இப்படி இருபத்திமூணு பேரு."

திருட்டுத்தனம் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை, அதுதான் உண்மை. படித்துவிட்டு, கைகட்டி நின்று, குறைந்த சம்பளத்துக்கு உள்ளறையில் வேலை பார்க்கிற ஒருத்தி மனம் விட்டுப் பேசி முடித்ததும், அவள் பெயருக்கு எதிரே ஒன்பதை விட்டுவிட்டு எழுந்து வர மனசு கேட்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டில் என்ன சொல்வார்கள்? மாநிறம் என்பார்கள். அட்டைக்காவின் சொந்த ஜாதகத்தோடு போன கடிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. அவளுக்குத் தெரிந்த அன்பு அதுதான்.

"ரெண்டு கட்டந்தானே தம்பி, அதுல என்ன ஆயிடப்போவுது?"

"கறுப்பா இருந்து நல்லா வாங்கறவங்கள ஒம்பதுலயே விட்டுட்டீங்க. கறுப்பா இருந்து கம்மியா வாங்கறவங்கள மாநிறத்துல தள்ளிட்டீங்க. இப்ப ஒம்பதுல யாரு மிச்சம்? நல்லா வாங்கறவங்கதான். அப்ப கணக்கு என்ன சொல்லும்? நெறத்தால ஒண்ணும் இல்லன்னு சொல்லும்."



அட்டைக்காவின் நூற்றி முப்பது வீடுகளையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஆய்வை நடத்துகிற பேராசிரியர் சொல்லிவிட்டாராம். புள்ளிக்காரன்தான் மன்றாடி ஒரு வழி வாங்கியிருந்தான். நூற்றி முப்பதுக்கும் மீட்டரோடு திரும்பப் போக வேண்டும். மாற்றிய இருபத்திமூன்றுக்கு மட்டும் போனால், சிலருக்கு மீட்டர், சிலருக்குக் கண் என்றாகி அது இன்னொரு கோளாறு. மீட்டரை வேறு ஒரு பெண் பிடிப்பாள். "ஆனா கதவு உங்களுக்குத்தான் தெறப்பாங்க, நீங்களும் போங்க."

"அடுத்த சுத்துல எனக்கு எடம் உண்டா தம்பி?" கணவரின் கடை மூடியதிலிருந்து வீட்டுக்கு வருவது இந்த ஒரு சம்பளம்தான்.

"பேராசிரியர் கையில இருக்குக்கா" என்றான். அவனுக்கே சொல்லப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள், அன்று மனம் விட்டுப் பேசிய பெண்களில் ஒருத்தியின் வீடு வந்தது. துணிக்கடையின் பின்னறையில் பொட்டலம் கட்டுகிற வேலை. அவளுக்கு ஒரு வயது இளையவளான தங்கை அதே கடையில் முன்பக்கம், வாடிக்கையாளர்களோடு. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே டிப்ளமோ. மதிப்பெண்ணில் பெரியவள்தான் மேல், சம்பளமோ தங்கை வாங்குவதில் முக்கால்தான். இப்படி அக்கா தங்கை கிடைத்தால் புள்ளிக்காரன் துள்ளிக் குதிப்பான். ஒரே அப்பா அம்மா, ஒரே சோறு. வளர்ப்பு சரியில்லை, வசதி போதவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஜோடியை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்று அவனே அடக்கியும் வாசிப்பான். அட்டையில் தங்கைக்கு ஐந்து. அக்காவுக்கு ஒன்பது போட்டு, ஏழாக்கிவிட்டு வந்திருந்தாள் அட்டைக்கா.

மீட்டர்காரப் பெண் அளந்து முடித்தாள். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே பொட்டலம் கட்டுகிறவள் கேட்டாள், "போன தடவையே எல்லாம் முடிஞ்சுதே, எதுக்குக்கா திரும்ப?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. அட்டைக்கா அதை விழுங்கினாள். "உன் நெறத்த நான் ரெண்டு கட்டம் கொறச்சுப் போட்டுட்டேன்மா. நீ சொன்னதையெல்லாம் கேட்டு மனசு தாங்கல."

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எங்க மேனேஜரும் ரொம்ப அன்பாத்தான் பேசினாரு. கறுப்புன்னு ஒரு வார்த்த சொல்லல. 'உனக்கு உள்ள வேலதான்மா வசதி'ன்னாரு. அவரும் சொல்ல மாட்டாரு, நீங்களும் எழுத மாட்டீங்கன்னா, எனக்கு நடந்தது எங்கதான்க்கா இருக்கும்?"

அட்டைக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வது?

நூற்றி முப்பதும் முடிந்த அன்று மத்தியானம், புள்ளிக்காரன் புது எண்களைப் போட்டுப் பார்த்தான். மற்ற ஐந்து பகுதிகளைப் போலவே இங்கேயும் வித்தியாசம் வந்து நின்றது. அவன் சந்தோஷப்படாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த சுத்துப் பட்டியல் வந்துடுச்சுக்கா. உங்க பேரு இல்ல."

எதிர்பார்த்ததுதான், ஆனாலும் வலித்தது. பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

படிவத்தின் முதல் பக்கத்தில், அளப்பவரின் நிறம் என்று ஒரு கட்டம் உண்டு. பார்க்கிறவரின் தோலைப் பொறுத்துப் பார்வையும் மாறும் என்பதால் பயிற்சி நாளில் எல்லோரும் அவரவரே நிரப்பியது. அவள் ஆறு என்று போட்டிருந்தாள்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

"மீட்டர உள்ள வெச்சுடாதம்மா" என்றாள் மூலையில் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த மீட்டர்காரப் பெண்ணிடம். "இன்னும் ஒரு ஆளு பாக்கி."

கருவி கையில் சில்லென்று அழுந்தியது. அந்தப் பெண் எண்ணைப் படித்தாள். அட்டைக் கணக்கில் ஒன்பது.

"பழசை அழிக்க மாட்டோம்க்கா. பக்கத்துல புதுசும் வரும்" என்றான் புள்ளிக்காரன் மெதுவாக.

"ரெண்டும் இருக்கட்டும் தம்பி. எழுது."