வங்கிக் கடிதத்தில் ஒரு வரி

வெயிலை நம்பிக் கடை போட்டவனுக்குக் கோடையில் மழை பெய்தால் எப்படி இருக்கும் என்பதை முத்தரசுவிடம்தான் கேட்க வேண்டும். ஊரே குளிர்ந்து போய் ‘அப்பாடா’ என்று இருந்தது. அவன் ஒருவனுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

காரைக்குடியில் ஏர் கூலர், மின்விசிறி, ஃபிரிட்ஜ் விற்கும் கடை அவனுடையது. வருட வியாபாரத்தில் முக்கால்வாசி மாசிக் கடைசியிலிருந்து வைகாசிக்குள் நடந்துவிட வேண்டும். இந்த வருடம் பங்குனியில் இரண்டு மழை, சித்திரையில் வாரத்துக்கு ஒன்று. நூற்றுப் பத்து கூலர் இறக்கியதில் எழுபதுக்கு மேல் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அப்படியே கோடவுனில் அடுக்கிக் கிடந்தன. மழை பெய்தால் வாடிக்கையாளர் கடைக்குள் வந்தார்கள், நனையாமல் நிற்பதற்கு.

கடையைப் பெரிதாக்க இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய பதினைந்து லட்சம் கடனுக்கு மாதம் முப்பத்திரண்டாயிரத்து அறுநூறு தவணை. ஜூனில் தவறியது. ஜூலையில் தவறியது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலையில் போன் ‘டிங்’ என்றபோது, மூன்றாவது தவணையும் தவறிவிட்டது என்று எடுத்துப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. கடனுக்கு ஈடாகக் கோட்டையூர் வீட்டின் பத்திரம் வங்கியில் இருந்தது. அவனும் மனைவி சத்தியப்பிரியாவும் இரண்டு பிள்ளைகளும் குடியிருக்கிற வீடு.

வங்கிக்குக் கடிதத்தை எழுதியது சத்தியப்பிரியா. கடைக் கணக்கைப் பார்ப்பவள் அவள்தான். இவன் எழுதினால் பாதியில் அழுதுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ‘இவ்வாண்டு கோடையில் பெய்த தொடர் மழையால் விற்பனை சென்ற ஆண்டின் இதே பருவத்தைவிட அறுபது சதவீதம் குறைந்துவிட்டது. ஆகவே ஆறு மாதங்களுக்கு வட்டியை மட்டும் செலுத்தவும், அதன்பின் கடன் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்துக் குறைந்த தவணையில் செலுத்தவும் அனுமதிக்க வேண்டுகிறேன்.’ அதோடு ஜிஎஸ்டி கணக்கு, சரக்கு இருப்புப் பட்டியல், அடுத்த பன்னிரண்டு மாதம் என்ன வரும் என்ன போகும் என்று ஒரு தாள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தாள்.

வங்கி மேலாளர் நித்யஸ்ரீக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கடிதத்தை ஒருமுறை படித்தார். பிறகு கணக்கு விவரத்தைப் பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். அந்தப் பென்சில் மே மாதத்தை நெருங்கியது. எந்த இடத்தில் நிற்கும் என்று முத்தரசுவுக்குத் தெரியும்.

“மே இருபத்தெட்டு. ரொக்கமா ஒன்னே முக்கால் லட்சம் எடுத்திருக்கீங்க. ஒரு வாரத்துல தவணை திரும்பியிருக்கு. இது எதுக்கு எடுத்தது சார்?”

“அது... ஒரு செலவு மேடம்.”

“கடிதத்துல மழைன்னு மட்டும்தானே இருக்கு. நான் பரிந்துரை எழுதி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பணும். அவங்க முதல்ல கேக்குறது இந்த வரியைத்தான். கடைப் பணம் வெளியே போயிருந்தா எதுக்குப் போச்சுன்னு நீங்களே கடிதத்துல எழுதிடுங்க. மறைச்சு அவங்க கண்டுபிடிச்சா இது நிக்காது.”

அவன் தலையாட்டினான். அவர் நிறுத்தவில்லை.

“இன்னொன்னு. கடன் நிபந்தனையை மாத்துறதால ஜாமீன் போட்டவரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். அவர் சம்மதம் இல்லாம மாத்தினா அவரோட ஜாமீன் செல்லாம போயிடும். திருத்தின கடிதத்தை அவர் படிச்சு, அதுலயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். ஜூன் அஞ்சுல இருந்து இன்னைக்கு அறுபத்து நாலு நாள் ஆகுது. தொண்ணூறைத் தாண்டினா வாராக்கடன் பட்டியலுக்குப் போயிடும். அப்புறம் என் கையில ஒண்ணுமே இல்ல. நடுவுல ஒரு தவணையாவது கட்டப் பாருங்க, ஆனா அது ஒரு மாசத்துக்குத்தான் தாங்கும். தவணையை இப்படி மாத்துற மறுசீரமைப்பு கிடைச்சாலும், உங்க கடன் வரலாறு இருக்கிற சிபில்ல பதிவாகும், கொஞ்ச காலத்துக்குப் புதுக் கடன் கேட்டு வர முடியாது. அதையும் தெரிஞ்சுக்கங்க.”

வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தவனுக்குச் சாவியைத் திருகத் தோன்றவில்லை. ஜாமீன் போட்டவர் ஈஸ்வரன், அவன் அக்கா செந்தாமரையின் வீட்டுக்காரர். அந்த ஒன்னே முக்கால் லட்சம் போனதும் அவர் வீட்டுக்குத்தான்.

அக்கா பிள்ளைகள் இரண்டுக்கும் வைகாசியில் காதுகுத்து. தாய்மாமன் முத்தரசு. தாய்மாமன் என்றால் சும்மா வந்து மடியில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுப் போக முடியாது. கிடா இரண்டு, தோடு, துணிமணி, ஐம்பத்தொரு தட்டு, செண்டை மேளம், ஊர் எல்லையிலிருந்து ஊர்வலம். ரோட்டோரம் இருபது அடி பிளெக்ஸில் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தான் முத்தரசு. அந்தச் சிரிப்புக்குத்தான் ஜூன் தவணை போயிற்று.

வீட்டுக்கு வந்து மேலாளர் கேட்டதைச் சத்தியப்பிரியாவிடம் சொன்னான்.

“மதுரைச் சொக்கு அண்ணன்கிட்டச் சொன்னா சரக்குக்குப் பணம் வாங்குன மாதிரி ஒரு ரசீது குடுப்பாரு” என்றான் அவன். சொக்கு அவனுக்கு மின்விசிறி அனுப்பும் மொத்த வியாபாரி.

“குடுப்பாரு. அந்தச் சரக்கு எங்கேன்னு கேட்டா? இருப்புப் பட்டியல் நான்தானே எழுதுனேன்? ஜிஎஸ்டியில வராத ரசீதக் காட்டுனா, இருக்குற பேரும் போயிரும். வேணாங்க. உள்ளத எழுதுவோம்.”

“எழுதுனா அத்தான் படிப்பாருல்ல?”

அவள் பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரவு பத்தரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். ‘மேலும், மே மாதம் எனது சகோதரி பிள்ளைகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் சீர் செய்வதற்காகக் கடைக் கணக்கிலிருந்து ரூ.1,75,000 எடுத்துச் செலவழித்தேன். இது தவறு என்பதை உணர்கிறேன்.’ அவ்வளவுதான். அந்த இரண்டு வரியைப் படித்தபோது, கடை நடுவில் யாரோ தன் வேட்டியை உருவிவிட்டதுபோல் கூசியது அவனுக்கு.

மறுநாள் அக்கா வீட்டுக்கு, கண்டரமாணிக்கத்துக்குப் போகும் வழி முழுக்க அவன் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தான். அத்தான், ஒரு சின்ன விஷயம். அத்தான், கோவப்படாம கேக்கணும். எதுவும் சரியாக வரவில்லை. ஈஸ்வரன் சிவகங்கையில் தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். ஊரில் மரியாதைக்கு வாழ்கிற மனுஷன். அவர் சபையில் கடன் பணத்தில் தட்டு வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தால், கையெழுத்து என்ன, முகத்தில் முழிப்பாரா?

இன்னொரு பயமும் இருந்தது. அதை மனைவியிடம்கூட அவன் சொல்லவில்லை. சித்திரையில் அவன் அக்காவுக்குப் போன் செய்து, “சீரச் சுருக்கமாச் செஞ்சுக்கிறேங்க்கா, யாவாரம் படுத்துருச்சு” என்று சொன்னான். அந்தப் பக்கம் அக்கா அழுதாள். “எங்க மாமியா வீட்டு ஆளுக வாயில என்னைய விழ வச்சிராதடா” என்றாள். “சரிக்கா, நல்லாவே செஞ்சிர்றேன்” என்று சொல்லிவிட்டான். அது ஈஸ்வரனுக்குத் தெரிந்தால் அக்கா பாடு என்ன ஆகும்?

“வா மாப்ளே!” என்று சிரித்தபடி வரவேற்றார் ஈஸ்வரன். “யாவாரமெல்லாம் எப்புடி?”

ஒத்திகை பார்த்தது எதுவும் நினைவில் இல்லை. முத்தரசு கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றான்.

அலுவலகக் காகிதம் படித்துப் பழகியவர். நிதானமாகப் படித்தார். சிரிப்பு போனது. திரும்ப முதலிலிருந்து படித்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

“மூணு தவணை கட்டல. ஒரு வார்த்தை சொல்லல நீ. வங்கியில எனக்கு நோட்டீஸ் வந்துருந்தா என் ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்வேன்?”

“தப்புதான் அத்தான்.”

“சீர இம்புட்டுப் பெருசா யார்ரா உன்னையக் கேட்டா? நானா கேட்டேன்?”

“யாரும் கேக்கல அத்தான். நானாத்தான்...”

“நான் கேட்டேன்” என்றாள் செந்தாமரை. ஈரக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். “அவன் முடியலன்னுதான் சொன்னான். நான்தான் போன்ல அழுதேன். உங்க அண்ணன் பொண்டாட்டிக்கு அவ பொறந்த வீட்டுல நாப்பது தட்டு வந்துச்சே, எனக்குக் கொறஞ்சா உங்க வீட்டுல பேசுவாகளேன்னு அழுதேன்.”

முத்தரசு தரையைப் பார்த்தான். ஈஸ்வரன் கத்தப்போகிறார் என்று காத்திருந்தான். அவர் கத்தவில்லை. கடிதத்தைத் தொடையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அம்பத்தொரு தட்டு வருதுன்னு இவ சொன்னா. அம்புட்டுப் பெரிய சீர நம்ம சின்ன மண்டபத்துல எப்புடி எறக்குறதுன்னு, இருந்த மண்டபத்த மாத்திப் பெரிய மண்டபமாப் புடிச்சேன். கூட்டுறவுச் சங்கத்துல மூணு லட்சம் வாங்கிருக்கேன் மாப்ளே. மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறான்.”

செந்தாமரை அவரையே பார்த்தாள். அவளுக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

பிறகு ஈஸ்வரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “பயமாத்தான் இருக்கு. நீ கட்டலைன்னா பேங்குக்காரன் என் சம்பளத்துக்கு வருவான். ஆனா போடாம விட்டா நாளைக்கே வருவான்” என்றபடி கையெழுத்துப் போடக் குனிந்தார்.

“இருங்க” என்றாள் செந்தாமரை. கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்து அந்த இரண்டு வரியையும் படித்தாள். “டேய், ‘சகோதரி கேட்டுக்கிட்டதால’ன்னு இதுல ஒரு வார்த்த சேரு.”

“பேங்குக்கு அதெல்லாம் வேணாம்க்கா.”

“எனக்கு வேணும். நீ மட்டும் தப்புப் பண்ணுனேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவ, நான் இங்குட்டு உக்காந்து சோறு திம்பேனா? சேருடா.”

சேர்த்தான். வரிக்கு மேலே பொடி எழுத்தில் எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டான். அதன் பிறகுதான் அவள் காகிதத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள்.

மறுநாள் நித்யஸ்ரீ அந்த இடத்தில் பென்சிலை வைத்து, “இது தேவையில்ல சார், அடிச்சிடட்டுமா?” என்று கேட்டார். “இருக்கட்டும் மேடம்” என்றான். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அதற்குப் பிந்தைய நாட்களை முத்தரசு எப்படித் தள்ளினான் என்று கேட்கக்கூடாது. மண்டல அலுவலகம் இரண்டுமுறை விளக்கம் கேட்டது. கூலர்களை அடக்க விலைக்கும் கீழே தள்ளி ஒரு தவணை கட்டினான். தொண்ணூறாவது நாள் வந்துவிட்டதாகக் கனவு கண்டான். ஆகஸ்ட் இருபத்தொன்பது அன்று மேலாளர் கூப்பிட்டார். ஆறு மாதம் கேட்டதற்கு நான்கு மாதம்தான் வட்டி மட்டும். காலம் இரண்டு வருடம் நீட்டிப்பு. அதன்பின் தவணை இருபத்து நாலாயிரம் போல வரும். கடைக் கணக்கிலிருந்து சொந்தச் செலவுக்கு எடுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புதுப் பத்திரத்தில் ஜாமீன்தாரரும் வந்து கையெழுத்திட வேண்டும்.

வீடு தப்பித்தது. முதலில் சத்தியப்பிரியாவிடம் சொன்னான். அவள் சாமி படத்தின் முன்னால் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அக்காவுக்குப் போன் செய்தான்.

“கெடச்சிருச்சுக்கா.”

எத்தனை மாதம், எவ்வளவு தவணை என்று சொல்லி முடித்தான்.

“அக்கா?”

“நான் சேக்கச் சொன்னத அவுக அடிக்கலையே?”

“அடிக்கலக்கா. அப்புடியேதான் இருக்கு.”

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். இந்தமுறை அவன் எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.