ஒரு ஜிமிக்கியில் ஒரு ஜோடி

மின்விசிறியைப் போட்டது நான்தான். வியர்த்தது, அவ்வளவுதான் காரணம். சாம்பல் நிறக் காகிதத்துக்கு முன்னால் என் தங்கச்சி செய்த ஜிமிக்கி ஜோடி, ஒன்றுக்கு ஒரு நைலான் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றை நூலில் தொங்குவது சுழலும். இரண்டு நூல் கட்டினால்தான் முகம் காட்டி நிற்கும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற போட்டோகிராபர் நான். காற்று பட்டதும் இரண்டும் முட்டிக்கொண்டன. ஒன்றின் குடை விளிம்பில் கம்பி பிரிந்து, ஒரு முத்து உருண்டோடி, குளியலறை ஓட்டைக்குள் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலத்துக்குள் நகைக்கடைக்குப் படம் போக வேண்டும். கடைக்காரம்மாவுக்குப் பிடித்தால் தங்கச்சிக்கு முதல் பெரிய ஆர்டர்.

நல்லதை மட்டும் தொங்கவிட்டு எடுத்தேன். தங்கக் குடை கண்ணாடி மாதிரி. சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டாவிட்டால் என் தொப்பையும் அதில் விழும். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டினேன். பளபளப்பு எதிரெதிர் பக்கம் அடித்தது, ஒரே அறைக்கு இரண்டு சூரியன். விளக்கை நேர் மேலே தூக்கி மறுபடி எடுத்தேன். இப்போது அச்சு அசல் ஜோடி. அனுப்பிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் முன்வரவில்லை.

தங்கச்சி உள்ளே நுழையவும் அவள் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"ரொம்ப ஒழுங்கா இருக்கேம்மா, அதான் இடிக்குது," என்றார் கடைக்காரம்மா ஸ்பீக்கரில். "மூணாவது முத்துல ஒரு பள்ளம். அந்தப் பக்கமும் அதே இடத்துல பள்ளம். மெஷின்ல பண்ணினதா? எனக்குக் கைவேலைதான் வேணும்."

தங்கச்சி திரையைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த மொட்டை ஜிமிக்கியை.

"அரை மணி நேரம் கொடுங்கம்மா, சரியான படம் அனுப்புறேன்."

போனை வைத்தாள். "என் கை ஒரே பக்கமாத்தான் கம்பி சுத்தும். இதுல ஒண்ணு எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு. யாரு சுத்தினா, உன் கம்ப்யூட்டரா?"

பையிலிருந்து முத்துக்களைக் கொட்டி, பக்கத்து முத்தின் நிறத்தோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தாள். பொருந்தியதைக் கம்பியில் கோர்த்து, விளிம்பு வளையத்தில் நுழைத்து, இடுக்கியால் சுற்றினாள். மிச்சத்தை நறுக்கி, முடியில் மாட்டாதபடி நுனியை அமுக்கினாள்.

"ஆர்டர் போச்சா?"

"நூலை எடு."

"கோவமா?"

"ரெண்டு ரெண்டா கட்டு."

"ஒரு வார்த்தை திட்டிடேன்."

"ஃபேன் பக்கம் போகாத."

இரண்டையும் அப்படியே கட்டிப் படம் எடுத்தேன். குடைகள் ஒரே உயரம், ஒரே அளவு. முத்துக்கள் மட்டும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, சாயல் உண்டு, அச்சு இல்லை. அனுப்பினோம். சற்று நேரத்தில் பதில் வந்தது: 'இதான் கைவேலை. நாளைக்குக் கடைக்கு வாங்க, பேசி முடிச்சிடலாம்.'

அந்தத் தெம்பில் கேட்டுவிட்டேன். "அடுத்த தடவையும் என்கிட்டதானே படம் எடுப்ப?"

இடுக்கியைப் பையில் போட்டு மூடிவிட்டு, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"மாட்டேண்ணா."