எழுதிக் கொடுத்தபடி

முட்டையக்காவுக்கு அன்று ரத்தம் கொதித்தது. நகராட்சிச் சுகாதாரப் பிரிவில், கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து, விழாவில் ஆம்லெட் கடை போட அனுமதி கேட்டுத் தன் புருஷன் எழுதிய கடிதத்தை இன்ஸ்பெக்டர் உரக்கப் படிப்பதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. தெருவில் யாருக்கு என்ன மனு வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுதிக் கொடுப்பார். அதனால் தெருவே அவருக்கு ‘விண்ணப்பம்’ என்று பெயர் வைத்துவிட்டது.

“‘எமது கடையில் தானியங்கிக் கைகழுவும் நிலையம், குளிரூட்டப்பட்ட சேமிப்பறை, நுண்ணுயிர்கள் அறவே அற்ற சூழல்…’” இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அறவே அற்ற சூழல் ஆபரேஷன் தியேட்டருக்கே கஷ்டம்மா. நீங்க தகரக் கூரைக்குக் கீழ ஆம்லெட் போடப் போறீங்க.”

“கொஞ்சம் கெத்தா இருக்கட்டுமேன்னு…” என்று விண்ணப்பம் இழுத்தார்.

“சார், இதுல நீங்க எழுதுற ஒவ்வொரு வரியும் அனுமதி உத்தரவுல நிபந்தனையா வரும். விழா அன்னைக்கு நான் அதைக் கையில வச்சுக்கிட்டு வருவேன். குளிரூட்டப்பட்ட அறை எங்கன்னு கேப்பேன். இல்லைன்னா கடையை மூடிட்டுப் போயிட்டே இருப்பேன். வேற கடிதம் எழுதிட்டு வாங்க. மனு வாங்குறது இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது.”

மற்ற காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. விழாக் குழு கடை ஒதுக்கிய கடிதம், உணவுப் பதிவுச் சான்று, சமைப்பவர் இருவருக்கும் மருத்துவச் சான்று. ஒருவருக்கு முடியாமல் போனால் இன்னொருவர் இருக்க வேண்டும் என்று நகராட்சியில் இரண்டு பேரைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத விண்ணப்பத்தை வேறு வழியில்லாமல் இரண்டாவது ஆளாகப் போட்டிருந்தாள்.

வெளியே மரத்தடியில் அவள் பொரிந்து தள்ளினாள். “வாசல்ல ஸ்டூலைப் போட்டு ஆம்லெட் வித்து எனக்கு இடுப்பே போச்சு. ஒரு தடவையாவது என் பேர் போட்ட கடையில, ஊரு பாக்க, நான் நின்னு சுடணும். அதுல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க. நான் சொல்றதை மட்டும் எழுதுங்க.”

“சொல்லு, மெருகேத்திக்கிறேன்.”

“மெருகும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம்!”

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மூடி போட்ட, குழாய் வைத்த டிரம்மில் குடிதண்ணீர். கைகழுவ இன்னொரு டிரம், பக்கத்தில் சோப்பு. கழுவின தண்ணீர் தரையில் ஓடாமல் வாளியில் பிடிக்கப்படும். மூடியுள்ள குப்பைத் தொட்டி இரண்டு. விரிசல் விட்ட முட்டை வாங்குவதில்லை. முட்டையை முன்கூட்டியே உடைத்து ஊற்றி வைப்பதில்லை, கேட்ட பிறகே உடைத்து முழுக்க வேகவைத்துத் தருவோம். முட்டை தொட்ட கையைக் கழுவாமல் ரொட்டியைத் தொட மாட்டோம்.

கொஞ்சம் நிறுத்திவிட்டு, “காய்ச்சல், வயித்துப்போக்கு, கையில வெட்டுக்காயம், எது இருந்தாலும் அந்த ஆள் சாப்பாட்டைத் தொடவே மாட்டார்னு போடுங்க” என்றாள்.

அந்த வரி ஏன் வந்தது என்று விண்ணப்பத்துக்குத் தெரியும். போன வருஷம் இதே விழாவில் ஒரு கடையில் வாங்கித் தின்றுவிட்டு, அவர்கள் மகள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக் கிடந்தாள். அவர் மெருகேற்றாமல் எழுதினார்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுத் தலையாட்டினார். “இது கடிதம். ஆனா ஒண்ணு சொல்றேன், நான் விழாவுல பச்சைத்தண்ணி கூடக் குடிக்க மாட்டேன். என் பையனையும் வாங்கித் திங்க விடமாட்டேன். நான் பாத்ததை நீங்க பாத்திருந்தா உங்களுக்கும் இறங்காது.” மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. அவள் சொன்ன வரிகள் அப்படியே நிபந்தனைகளாக வரிசைகட்டி நின்றன.

விழா முதல் நாள். கடைப் பலகையில் அவள் பெயர் பளிச்சென்று இருந்தது. தவா சூடேறிவிட்டது, ஆட்களும் நிற்க ஆரம்பித்தார்கள். அவசரமாக வெங்காயம் நறுக்கினாள். கத்தி வெங்காயத்தை விட்டுவிட்டு விரலில் இறங்கியது.

நறுக்கினதையெல்லாம் அப்படியே குப்பையில் கொட்டினாள். கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரலில் பிளாஸ்திரி சுற்றினாள். அதையும் மீறிச் சிவப்பு கசிந்தது. மேலே கை உறையை இழுத்து மாட்டினாள்.

“என்ன பண்றே?” என்றார் விண்ணப்பம்.

“உறை போட்டாச்சுல்ல. யாருக்குத் தெரியப் போகுது? தள்ளுங்க, கூட்டம் நிக்குது.”

அவர் தவாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் சொல்லாமலே அடுப்புக்குக் கிட்டே வந்தார்.

“நாமதானே எழுதிக் குடுத்தோம்.”

“எழுதினா? நீங்க எழுதாத எழுத்தா? குளிரூட்டப்பட்ட அறைன்னு எழுதின மனுஷன் எனக்கு நியாயம் சொல்ல வந்துட்டாரு!”

“போன வருஷம் பாப்பாவுக்குக் குடுத்தானே,” என்றார் அவர் குரலைத் தாழ்த்தி, “அவனும் உறை போட்டிருந்தான்.”

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டாள். உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கடைக்கு வெளியே கைகழுவும் டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அங்கிருந்தே மூன்று நாளும் தொண்டை கிழியக் கத்தினாள். “இப்பத் திருப்பாதீங்க! ஐயோ, திருப்பிட்டாரு! கையைக் கழுவுங்க, முட்டையைத் தொட்டுட்டு ரொட்டியைத் தொடுறீங்களே, கழுவுங்க!” ஒரு ஆம்லெட்கூட வட்டமாக வரவில்லை. கிழிசலும் கந்தலுமாக வந்தது. சனங்கள் ஆம்லெட்டுக்கு வந்தார்களோ, இவள் கத்துவதை வேடிக்கை பார்க்க வந்தார்களோ, கூட்டம் மட்டும் குறையவில்லை. பலகையில் அவள் பெயர், தவாவில் அவர் கை. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. எல்லாவற்றையும் விட எரிச்சல், அந்த இன்ஸ்பெக்டர் வரவேயில்லை. யாருக்காக இந்த வேஷம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்று நாளில் விரலும் பாதி ஆறிப்போயிற்று.

கடைசி நாள் சாயங்காலம்தான் இன்ஸ்பெக்டர் வந்தார். உத்தரவை விரித்து, டிரம்மைத் திறந்து பார்த்தார், வாளியைப் பார்த்தார், தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீங்க ஏம்மா வெளியில நிக்கிறீங்க?”

விரலைக் காட்டினாள். “முதல் நாளே வெட்டிக்கிட்டேன்.”

“மூணு நாளும் இங்கயேவா நின்னீங்க?” அவர் உத்தரவில் அந்த வரியைத் தேடிப் பார்த்தார். “ரத்தம் நின்னப்புறம், காயத்தைத் தண்ணி இறங்காம மூடி மேல உறை போட்டுக்கிட்டா விதிப்படி போதும்மா. நேத்தே நீங்க சுட்டிருக்கலாம். நீங்கதான் விதியை விடக் கடுமையா எழுதிக் குடுத்துட்டீங்க.”

முட்டையக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த மகராசன் முதல் நாளே வந்து இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் கூட்டத்துக்குள் திரும்பி, “டேய், இங்க வா” என்று கூப்பிட்டார். அவருடைய பையன் ஓடி வந்தான். “அந்தக் குழாயில கை கழுவு. சோப்புப் போட்டு.” பிறகு விண்ணப்பத்திடம் இரண்டு விரலைக் காட்டினார். “ரெண்டு ஆம்லெட் சார். எனக்கொண்ணு, இவனுக்கொண்ணு.”

திறந்த வாயை அவள் மூடினாள். விண்ணப்பம் பதற்றத்தில் முட்டையை உடைத்து ஊற்றினார், ஊற்றிய வேகத்திலேயே கரண்டியை எடுத்தார்.

“என்னங்க,” என்று அவள் கெஞ்சினாள், “இதையாவது இப்பத் திருப்பாதீங்க!”

அவர் திருப்பிவிட்டார்.