நாலு மணிக்கு மூடிய மெரூன்

என்னுடைய புடவை வீடியோக்களைப் பார்ப்பவர்கள், பேச்சு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைக்கிறார்கள். ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதி, ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் போனை ஸ்டாண்டில் நெட்டுக்குத்தலாக நிறுத்துவேன். கரமனையில் எங்கள் வாடகை வீட்டு முன்னறைக்குக் காலை பத்து மணிக்கு நல்ல வெளிச்சம் வரும். அதற்குள் எடுத்தால் உண்டு.

அந்த வியாழக்கிழமை எழுதியது இதுதான். முதலில் முந்தி, ஜரிகை தெரியக் கிட்டத்தில். அப்புறம் துணி, விரலால் கசக்கி விட்டுக் காட்டு: ‘சாஃப்ட் சில்க், கை வச்சா தெரியும்.’ அப்புறம் நிறம், வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டு: ‘மெரூன் ஊடை, கருப்புப் பாவு. சாய்ச்சா கருப்பு அடிக்கும், பாத்து எடுங்க.’ கடைசியில்: ‘இன்னைக்கு நாலு மணி வரைக்கும்தான் ஆர்டர். பார்சலைத் திறக்கும்போது வீடியோ எடுக்கணும், அது இல்லாம மாத்தித் தர முடியாது கேட்டோ.’

நாலு மணி என்று சும்மா சொல்லவில்லை. ஐந்து மணிக்குக் கூரியர்க்காரர் வந்துவிடுவார். மடித்து, கவர் போட்டு, முகவரி ஒட்ட எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்தத் தாளில் இருந்ததெல்லாம் உண்மை. அதனால்தான் ஒரு வரியை அடித்தேன்.

நிறத்தின் வரியை, நெடுக்கே ஓடும் பாவு நூல் கருப்பு என்கிற வரியை. கருப்பு என்று காதில் விழுந்தால் நம் ஆட்கள் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். போன மாதம் அப்படித்தான் ஒரு பச்சைப் புடவை என் அலமாரியிலேயே தங்கிவிட்டது. இந்த எட்டுப் புடவைகளையும் எடுக்கும்போது சாலைச் சந்தையில் மொத்தக்கடை வைத்திருக்கும் யூசுப் பாய், முந்தியின் நுனி நூலைப் பிரித்துக் கருப்பைக் காட்டி, “மறைக்காம சொல்லிருங்கம்மா” என்றார். நான் மற்ற வியாபாரிகளுக்கு முன்னால், “எட்டும் ஒரே நாள்ல போகும் பாய், பாருங்க” என்று வாய்ச்சவடால் அடித்துவிட்டு வந்திருந்தேன். அந்த வாயைக் காப்பாற்ற வேண்டும்.

புடவையைச் சாய்க்காமல், ஜன்னலுக்கு நேராக விரித்து எடுத்தேன். அப்படிப் பிடித்தால் முழு மெரூன்தான். நுனி நூல் வராதபடி முந்தியை மடித்துக்கொண்டேன். ‘கண்ணை எடுக்க முடியாத மெரூன்’ என்று குரல் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் ஏழு போய்விட்டது.

மூன்றே முக்காலுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. “அக்கா, நான் பேச்சி, மணக்காட்டுலேர்ந்து பேசுதேன். ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற வேலை, இப்பதான் வீடியோவ பாத்தேன். ஞாயித்துக்கிழமை எம் மவளுக்கு நிச்சயம். மாப்பிள்ள வீட்ல கருப்பு ஆவாதும்பாவ. இதுல கருப்பு ஒண்ணும் இல்லல்லா? பாத்துச் சொல்லுங்கக்கா.”

இரண்டு தடவை கேட்டேன். இதற்கு மேல் தெளிவாக ஒருத்தி கேட்க முடியாது. நான் பதில் எழுதினேன்: ‘மெரூன்தான். நாலு மணிக்கு குளோஸ், இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு.’ பொய் என்று யாரும் விரல் நீட்ட முடியாத பதில். அதை யோசித்து எழுதினேன் என்பதுதான் அசிங்கம். இரண்டு நிமிடத்தில் பணம் வந்தது. யூசுப் பாய்க்கு ‘எட்டும் முடிஞ்சது’ என்று செய்தி அனுப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே பார்சல் கட்டினேன்.

சனிக்கிழமை காலை பேச்சியிடமிருந்து ஒரு வீடியோ. நான் கேட்டபடியே, பார்சலைத் திறக்கிற வீடியோ. மகள் எடுத்திருக்கிறாள். தண்ணீரில் ஊறி வெளிறிய ஒரு கை கத்தரிக்கோலால் டேப்பை வெட்டுகிறது. புடவை வெளியே வந்ததும், “ஐயோ, கொள்ளாமே அம்மா” என்று பாதி மலையாளத்தில் மெச்சுகிறது மகளின் குரல். பேச்சி அதை வாசல் பக்கம் கொண்டுபோய் உதறினாள். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. மடிப்பு மடிப்பாகக் கருப்பு எழுந்தது.

மகள், “இது கருப்பல்லே அம்மா? அவங்க பறஞ்சது மெரூன்னுதானே?” என்றாள்.

“நம்ம போன் ஓட்ட போனுட்டி. அதுல கலரு செரியா தெரிஞ்சிருக்காது. அந்த அக்கா மேல குத்தம் சொல்லாத” என்றாள் பேச்சி. வீடியோ முடிந்தது. அதற்குக் கீழே ஒரு செய்தி: ‘அக்கா டேமேஜ் ஒன்னும் இல்ல. ரொம்ப நன்றி.’

திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பத்து நியாயம் பேசியிருப்பேன். எனக்கு வாய் உண்டு. நன்றி சொன்னவளிடம் என்ன பேசுவது? வீட்டில் யாருமில்லை, இருந்தும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சாலைச் சந்தைக்கு ஓடினேன். பாவும் ஊடையும் ஒரே நிறமாக ஒரு மெரூன் வேண்டும் என்றேன். யூசுப் பாய் எடுத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“சொல்லலியா?” என்றார்.

“இல்ல பாய்.”

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார். எட்டும் போகும் என்று நான் சவால்விட்ட அதே ஆட்கள் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பார்சலில் நான் எழுதிய முகவரியை வைத்தே மணக்காட்டில் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒற்றை அறை. வாசலில் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பேச்சி என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, “வீடியோ அக்கால்லா” என்று முகம் மலர்ந்தாள். மகளிடம் டீ போடச் சொன்னாள். அந்த டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவசரமாக இருந்தது.

“உங்க போன்ல குத்தம் இல்ல பேச்சி. புடவைல கருப்புப் பாவு இருக்குன்னு எனக்குத் தெரியும். எழுதி வச்சிட்டு அடிச்சேன். நீங்க கேட்டப்பவும் மறைச்சேன். இது முழு மெரூன், கொண்டு வந்திருக்கேன்.”

அவள் முகத்திலிருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. புதுப் புடவையை வாங்கி வெயிலுக்குக் கொண்டுபோனாள். இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். நுனி நூலைப் பார்த்தால் தெரியும் என்று நான் சொன்னதும், அதையும் பிரித்துப் பார்த்தாள். பிறகு மகளிடம் கொடுத்து, “நீயும் பாருட்டி” என்றாள். இரண்டு நாளுக்கு முன்னால் என் ஒரு வரியை நம்பியவள்.

“செரியாத்தான் இருக்கு” என்றாள் கடைசியில். கருப்பு அடிக்கிற புடவையை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தாள். நான் கிளம்பத் திரும்பினேன். மனசு லேசாகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

“அக்கா, மத்தவங்ககிட்ட சொல்லியாச்சா?”

“யாரு?”

“ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்னு எழுதினீங்க. அதுக்கு முன்னால வாங்குனவங்க இருப்பாங்கல்லா.”

ஏழு பேர். அந்த ஏழு பேரும் இவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட என் நினைப்பில் வரவில்லை. வீடியோவும் அப்படியே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் அனுப்பிடறேன் பேச்சி.”

பேச்சி அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து எனக்கு முன்னால் போட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“இங்கயே இருந்து அனுப்பிருங்கக்கா. வீட்டுக்குப் போனா உங்களுக்கு மனசு மாறிரும்.”

மாறியிருக்கும். அது எனக்குத் தெரியும், ஒரே தடவை பார்த்த அவளுக்கும் தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, போனை எடுத்து, முதல் பெயருக்கு எழுத ஆரம்பித்தேன். ஏழாவது முடிகிறவரை அவள் என் பக்கத்திலேயே நின்றாள்.